சொந்தமா என்று கேட்ட படிவம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. அன்று எங்கள் தெருவில் தண்ணீர் முறை. விடியலில் எழுந்து தொட்டியை நிரப்பினேன், குடிக்கிற தண்ணீரைத் தனியாகப் பிடித்து மூடி வைத்தேன், ராகிக் கஞ்சி குடித்துவிட்டு கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பம்பு கம்பெனிக்குப் பஸ் ஏறினேன். கணக்குப் பிரிவில் அன்று பெரிய வேலை எதுவும் இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. மதியத்துக்கு மேல் லேசாக மழை தூறியது. திரும்பும் வழியில் ஒரு கட்டு அரைக்கீரையும் அரை கிலோ சின்ன வெங்காயமும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கால் கழுவி, வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தபோது போனில் செய்தி வந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பியிருந்தாள். திருமணமாகி வெளிநாட்டில் இருப்பவள். செய்தி ஒரே வரி: "பெரிம்மா, இதை நிரப்பறதுக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்க, இன்னிக்கே அனுப்பணும்." அதற்குக் கீழே ஒரு படம். போன் திரையை அப்படியே படம் பிடித்திருந்தாள்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுப்பவள். பாஸ்போர்ட், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பேங்கில் வாரிசு எழுதுவது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் சாப்பாட்டு மேசையில் நடக்கும். அதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளின் தலைப்பை வாசிக்காமல் கீழே ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பதில் என்னவென்று சொல்லமுடியும்.

இந்தப் படத்தில் தலைப்பு இல்லை. அடியும் இல்லை. நடுவில் உள்ள ஏழெட்டுக் கேள்விகள் மட்டும், ஆங்கிலத்தில். உங்கள் தாய்மொழி எது, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா. வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் இங்கே வந்து சேர்ந்த தேதி. துணைவரின் முழுப்பெயர், பிறந்த தேதி. உங்கள் குடும்பத்தின் பூர்வீகம் எது, துணைவர் குடும்பத்தின் பூர்வீகம் எது. நீங்களும் துணைவரும் ரத்த சொந்தமா. இந்த எண்ணுக்குக் கூப்பிட்டு நாங்கள் பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பானதா. இதற்கு முன் சமூகநலப் பணியாளர் யாராவது உங்கள் குடும்பத்தைப் பார்க்க வந்ததுண்டா.

கடைசி இரண்டையும் இரண்டு முறை வாசித்தேன். வெங்காயத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"என்ன படிவம் கண்ணு இது? யார் கொடுத்தாங்க? இப்ப எந்த நாட்டுல இருக்கற?" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அதோடு நின்றுவிட்டது.

எந்த நாடு என்று நான் கேட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். அவள் திருமணமாகி முதலில் போனது மஸ்கட்டுக்கு. மாப்பிள்ளை பெரிய கட்டுமான வேலைகளில் மின்சாரப் பிரிவைப் பார்ப்பவர், வேலை எங்கே போகிறதோ அங்கே போகவேண்டும். புதுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், அயர்லாந்திலா இங்கிலாந்திலா என்று இன்னும் முடிவாகவில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி இரண்டு மாதம் இருக்கும். அவள் செய்தி அனுப்பியது இன்னும் பழைய மஸ்கட் எண்ணிலிருந்துதான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அவளுடைய சொந்தத் தாய்மாமன் மகன். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் மாமன். அந்தத் திருமணத்தில் முதல் பந்திக்கு இலை எண்ணியதே நான்தான்.

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் அம்மா கையில் போனோடு வந்தாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்கும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. உக்காரு."

"என்னாங்க்கா அது? எம்பட ஊட்டுக்காரரு வாசிச்சுப்போட்டு, போலீஸ்காரங்க கேக்கற மாதிரி இருக்குதுங்கறாரு. பாதுகாப்பா இருக்கறயான்னு ஏனுங்க்கா கேக்கோணும்? அவன் ஏதாச்சும் பண்ணிப்போட்டானா? எங்க அண்ணன் பையனுங்க. ஒரு சொல்லு அதட்டிப் பேசமாட்டானே."

"போன் பண்ணினயா? எந்த நாட்டுக்குப் போனாங்க?"

"பண்ணிப் பண்ணிப் பாத்தேன். சுவிட்ச் ஆப்னு வருதுங்க. ஊரு மாறி ஒரு வாரமாச்சு, அயர்லாந்தோ இங்கிலாந்தோ, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்க."

கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். ரத்த சொந்தமா என்ற கேள்வி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது விசாப் பேப்பரு. எங்க அண்ணன் சொன்னாப்லயே ஆகிப்போச்சு" என்றாள்.

என்ன சொன்னார் என்று நான் கேட்பதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டு, சத்தத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டாள். பின்னால் செக்கு ஓடும் இரைச்சல். அதற்கு மேலே அவர் குரல்.

"எனக்கும் அனுப்பிச்சாளே! ஆரு பக்கத்துல? டீச்சரம்மாவா?"

நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டிருப்பதாலும் பேனா வைத்திருப்பதாலும் அவருக்கு நான் டீச்சரம்மா. திருத்துவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

"நாந்தாங்க. அது என்ன படிவம்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"விசாதானுங்க, வேற என்ன? நம்ம திருப்பூர்க்காரர் ஒருத்தரு, பனியன் கம்பெனி, அவரு மருமகளுக்கு இப்படித்தான் கேட்டிருக்கறானுக. அந்தப் புள்ளையும் வெவரமில்லாம ஆமாம்னு போட்டிருக்குது. சொந்தத்துல கட்டுனா அங்க செல்லாதுன்னு திருப்பி அனுப்பிப்போட்டான். ஒரு வருசமா புருசன் அங்க, பொண்டாட்டி இங்க."

"எந்த நாடுங்க அது?"

"நாடா? அது எதோ ஒண்ணுங்க. பனி பெய்யற நாடு."

"சில நாட்டுல அப்படிச் சட்டம் இருக்குதுங்க. சில நாட்டுல இல்லைங்க. அதனாலதான் எந்த நாடுன்னு கேக்கறேன். என்ன படிவம்னு தெரியாம எதையும் போடவேண்டாம்னு அவகிட்டச் சொல்லணும்."

"நீங்க கலெக்டர் ஆபீசாட்டமே கேள்வி கேக்கறீங்க" என்று சிரித்தார். "இல்லைன்னு போட்டா ஒரு தொந்தரவும் இல்ல. ரெண்டு பேத்து மொகத்துலயும் எழுதியா ஒட்டியிருக்குது, அத்தை மக மாமன் மகன்னு? நான் அப்பவே வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிப்போட்டேன். இல்லைன்னு போட்டுரு சாமின்னு."

நான் மேலே கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். மில்லில் ஆள் நின்றுகொண்டிருந்ததாம்.

மறுபடி படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. ஆமாம் என்று எழுதினால் ஒரு நாட்டில் கணவனையும் மனைவியையும் பிரித்துவிடலாம். ஆனால் நான் நிரப்பியிருக்கிற விசாப் படிவங்களில் பாஸ்போர்ட் எண் கேட்காத பக்கம் அபூர்வம். இந்தப் பக்கத்தில் அது இல்லை. வேலை, சம்பளம், பேங்க் எதுவும் இல்லை. குடும்பத்தின் பூர்வீகத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். விசா அதிகாரிக்கு மாப்பிள்ளையின் பாட்டன் பூட்டன் எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்து என்ன ஆகவேண்டும்?

பிறகு ஒரு இடம் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் நான் என் அக்கா மகளோடும், பிறகு எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தியோடும் துணைக்குப் போன இடம். வரிசையில் உட்கார்ந்து, எடை பார்த்து, உள்ளே போனால் நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கிற முதல் கேள்வி: "சொந்தத்துல கட்டுனதா, அந்நியமா?"

போனைக் கீழே வைத்தேன்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உன் மக முழுகாம இருக்கறாளா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க்கா" என்றாள். பிறகு, "சொல்லமாட்டாளுங்க. போன வருசம் நாள் தள்ளிப்போன ஒடனே சொல்லிப்போட்டா. நான் சந்தோசத்துல எல்லாத்துக்கும் போன் பண்ணிப்போட்டேன். ஒன்றரை மாசத்துல கலைஞ்சு போச்சு. மூணு மாசம் முடியாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நாந்தானுங்க சொன்னேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மூன்று மாதம் நிறையும்வரை பேச்சில் அது இல்லை. படிவத்தின் பெயரைச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். அதனால்தான் தலையையும் அடியையும் வெட்டிவிட்டு நடுப்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

அப்போது போன் அடித்தது. அவள்தான்.

"பெரிம்மா, சார்ஜ் தீந்து போச்சுங்க. இப்பத்தான் ஊட்டுக்கு வந்து போட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருக்கறா. அவளுக்கு இப்ப எல்லாம் தெரியும் கண்ணு. நீ எங்க இருக்கற?"

"இங்கிலாந்துங்க. வந்து ஒம்பது நாளாச்சு. ஆஸ்பத்திரி பாரம்ங்க அது. பிரசவப் பிரிவுல பதிஞ்சுக்கறதுக்கு. பக்கத்து டாக்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டேன், போன்ல இதைத் தொறந்து குடுத்து, இதை நிரப்பி அனுப்பும்மா, அவங்களே கூப்பிடுவாங்கன்னாங்க. அவரு வேலைக்குப் போயிட்டாரு, உள்ள போன் கொண்டு போகக் கூடாதாம். எனக்குப் பாதி புரியலீங்க. பேரைச் சொன்னா தெரிஞ்சுபோகும்னு..."

"சரி. அனுப்பினயா இல்லையா?"

"மாமா பேசியனுப்பினதைக் கேட்டுட்டு, இல்லைன்னு போட்டு அனுப்பிட்டேங்க. விசாவுக்கு ஏதாச்சும் ஆகும்னு சொன்னாரே. ஆகுங்களா பெரிம்மா?"

அவள் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நான் நிதானமாகச் சொன்னேன். அந்த ஊரில் அத்தை மகன், மாமன் மகன் திருமணம் சட்டப்படி செல்லும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்பாளே, அதே கேள்விதான் இது. பிள்ளைக்காகக் கேட்பது. பாதுகாப்பா என்பதும், பணியாளர் வந்தாரா என்பதும் உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை, வருகிற பெண்கள் எல்லாரிடமும் கேட்பதுதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற இடத்தில் என்ன போட்டாய்?

"வேண்டாம்னுங்க. காசு கேப்பாங்கன்னு."

"கேக்கமாட்டாங்க. தமிழ்ல பேசறதுக்கு அவங்களே ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. அங்க இப்ப பகல்தானே? நீ இப்பவே அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, ரெண்டு பதிலைத் தப்பாப் போட்டுட்டேன், மாத்தணும்னு சொல்லு. அது முடியலீன்னா பிரசவ நர்ஸ், மிட்வைப்னு சொல்லுவாங்க, அவங்க கூப்பிடறப்ப முதல்ல அதைச் சொல்லு."

"சரிங்க பெரிம்மா." குரல் கொஞ்சம் இளகியது. "அதுக்கடுத்த பக்கத்தை உங்களுக்கு அனுப்பவே இல்லைங்க. அதுல கடைசியா ஒண்ணு. உங்க குடும்பத்துலயோ அவரு குடும்பத்துலயோ கைக்குழந்தையா இருக்கறப்ப இறந்தவங்க, பரம்பரையா நோய் உள்ளவங்க இருக்காங்களான்னு. அதுக்கும் இல்லைன்னுதான் போட்டேன். அப்படி யாரும் இல்லதானுங்களே?"

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் உதிர்ந்து கிடந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன் கண்ணு. நீ முதல்ல அந்தப் போனைப் பேசு" என்று வைத்துவிட்டேன்.

வெளியே மறுபடி தூறல். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் தொடவில்லை.

"மாப்ளைக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுங்க்கா" என்றாள். "பொட்டப்புள்ள. நல்ல செவப்பு. பொறந்தப்ப ஒண்ணும் தெரியல. நாலு மாசமாச்சு, கழுத்து நிக்கல. அஞ்சு மாசமாச்சு, நிக்கல. கை காலு துணியாட்டத் தொங்குது. சிரிக்கும், கண்ணை மட்டும் நல்லாப் பாக்கும். அப்பறம் பாலு குடிக்க முடியாமப் போச்சு. மூச்சு விடறதுக்கே ஒடம்பு குலுங்கும். ஒரு வருசம் நெறையல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இங்கதானுங்க, கோயமுத்தூர்லதான் வெச்சுப் பாத்தாங்க. என்னமோ பேரு சொன்னாங்க. அண்ணன் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. பாலு பொறையேறிப் போச்சுன்னு ஊருக்குச் சொல்லிப்போட்டாங்க. நானும் அதைத்தான் சொன்னேன். அப்படி ஒரு புள்ள பொறந்ததே எம்மகளுக்கும் தெரியாது, மாப்ளைக்கும் தெரியாது. அவன் அதுக்கப்புறம் பொறந்தவன், நல்லாத்தானுங்க இருக்கறான்." என் முகத்தைப் பார்த்தாள். "அவன் நல்லா இருக்கறதனால ஒண்ணும் இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

எனக்குத் தெரிந்த அளவுக்கு உண்மையைச் சொன்னேன். அப்படி அர்த்தம் இல்லை. நன்றாக இருக்கிறவர் உடம்பிலும் அது ஒளிந்து இருக்கலாம். அது அண்ணனுக்குத் தாய் தகப்பன் வழியாக வந்திருந்தால், கூடப் பிறந்த உன்னிடமும் இருக்கலாம், உன் மகளுக்கும் வந்திருக்கலாம். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. இல்லாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும், ஆனால் எதைத் தேடுவது என்று டாக்டருக்குத் தெரியவேண்டும். அதற்கு அந்தப் பெயர் வேண்டும்.

"அந்தப் பேரு எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"கேட்டா என்னைக் கொன்னுபோடுவாரு. மில்லுல நாலு பேரு முன்னால கத்துவாரு. நாளைக்கு இது வெளிய வந்தா, தெரிஞ்சே பொண்ணெடுத்தான்னு ஆகிப்போகுமுங்க. நானும் தெரிஞ்சே குடுத்தவ." அப்போதுதான் அழுதாள். "போனது ஒண்ணு. கலைஞ்சது ஒண்ணு. இதையும் அந்தப் பாரத்துல எழுதோணுமுங்களா? சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாமப் போயிருமில்லீங்க?"

ஒன்றும் ஆகாமல் போகலாம். நான் அதை மறுக்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்கவில்லை. அவள் அந்தக் குழந்தையின் கழுத்தைத் தன் கையில் தாங்கியிருக்கிறாள். நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

சிறிது நேரம் கழித்து மகளிடமிருந்து செய்தி வந்தது. ஆபீசில் பேசிவிட்டாளாம். சொந்தம் என்று மாற்றிக் குறித்துக்கொண்டார்கள். தமிழ் பேசுகிற ஒருவரோடு மிட்வைப் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார், இரண்டு குடும்பத்து விவரமும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கீழே இன்னொரு வரி: "அம்மா ஏன் பேசவே இல்லைங்க பெரிம்மா?"

அந்த வரியை அவள் அம்மாவிடம் நீட்டினேன். வாசித்தாள். போனைத் திருப்பித் தந்தாள். "நங்கைக்குத் தெரியும்" என்றாள். அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் அழைப்பாள். "பெத்தவ. அவ மறந்திருக்கமாட்டா. ஆனா அண்ணன் ஊட்ல இருக்கறப்பக் கேக்க முடியாது." எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "காலைல அவரு மில்லு தொறக்கப் போனதுக்கப்பறம் கேக்கறேன். நீங்க பக்கத்துல இருங்க."

சரி என்றேன். அரைக்கீரையை அன்று ஆயவில்லை. ரசம் வைத்து முடித்துக்கொண்டேன். நாட்குறிப்பில் கேள்விகளை வந்த வரிசையில் எழுதி வைத்தேன். அந்தக் குழந்தையைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். அவளுடைய வீட்டு விஷயம், அவளிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பிறகு அவளே எழுதச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் நான் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். தலை வாரியிருந்தாள், வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். தேவைப்பட்டால் சிங்காநல்லூர் போய்க் காங்கேயம் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். என் அடுப்படியில் நின்றபடியே போன் போட்டாள். நான் கேட்கவேண்டும் என்று சத்தத்தைத் திறந்து வைத்தாள்.

"நங்கை, அண்ணன் கெளம்பியாச்சுங்களா?"

"இப்பத்தான் போறாரு. ஏனு, இந்நேரத்துக்கு?"

"மூத்த பாப்பாவோட ஆஸ்பத்திரிக் காயிதம் எதாச்சும் வெச்சிருக்கறீங்களா?"

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. குழாயை மூடினார்கள். லைன் போய்விட்டதா என்று அவள் திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"எத்தன மாசம்?" என்று கேட்டது அந்தக் குரல்.